குறிப்பிட்ட மாடல் ஆண்டுக் காரை வாங்கும் முன்: நிலுவை ரீகாலையும் அறியப்பட்ட குறைகளையும் சரிபார்க்கும் முறை

பயன்படுத்திய கார் ஒன்றை வாங்கத் தீர்மானித்து, மாடலையும் ஆண்டையும் முடிவு செய்துவிட்டவர், இரண்டு கேள்விகளுக்குத் தனித்தனியாக விடை தேட வேண்டும். அந்த மாடல் ஆண்டில் இதுவரை என்னென்ன குறைகள் வெளிப்பட்டிருக்கின்றன என்பது முதல் கேள்வி. கண்முன் நிற்கும் இந்த ஒரு வண்டியில் அவற்றில் எது இன்னும் சரிசெய்யப்படாமல் இருக்கிறது என்பது இரண்டாவது. புதிதாகத் தேடுபவர்களில் பலர் ஒன்றுக்கு விடை கண்டதும் மற்றதற்கும் கண்டுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நடைமுறையில் இந்த இரண்டு விடைகளும் ஒன்றையொன்று திருத்திக்கொண்டே இருக்கின்றன என்பதைக் கீழே ஓர் உண்மை நிகழ்வின் வழியாக விளக்குகிறேன்.

ரீகால் என்பது, பாதுகாப்பைப் பாதிக்கும் குறை ஒன்று தெரியவந்தபின் தயாரிப்பாளர் அதை அரசு அமைப்புக்கும் உரிமையாளர்களுக்கும் அறிவித்து, தன் செலவிலேயே சரிசெய்து தரும் ஏற்பாடாகும். பெயர் ‘திரும்பப் பெறுதல்’ என்றாலும் வண்டியைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பாகத்தை மாற்றுவார்கள், அல்லது மென்பொருளைப் புதுப்பிப்பார்கள். அறிவிப்பு வந்தும் அந்த வேலை செய்யப்படாமல் ஒரு வண்டி ஓடிக்கொண்டிருந்தால், அதை நிலுவையில் உள்ள ரீகால் என்கிறோம்.

முதல் படி: எந்த ஆண்டு என்பதை உறுதிசெய்தல்

ஒரு வண்டிக்கு மூன்று ஆண்டுகள் உண்டு. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த ஆண்டு, பதிவு செய்யப்பட்ட ஆண்டு, தயாரிப்பாளர் அதற்குச் சூட்டிய மாடல் ஆண்டு என்ற மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. முந்தைய ஆண்டின் இறுதி மாதங்களில் தயாரான வண்டி அடுத்த ஆண்டின் மாடலாக விற்கப்படுவது வழக்கம். விற்காமல் கிடங்கில் நின்ற வண்டி ஓராண்டு கழித்துப் பதிவாவதும் உண்டு. ரீகால் அறிவிப்புகள் மாடல் ஆண்டைத் தலைப்பில் சொன்னாலும், உள்ளே தயாரிப்புத் தேதிகளைக் கொண்டே எல்லை வகுக்கின்றன. நான் முதன்முறை தேடியபோது விற்பவர் சொன்ன ஆண்டை அப்படியே உள்ளிட்டு, ஒன்றுமில்லை என்று நிம்மதியடைந்தேன். அவர் சொன்னது பதிவு ஆண்டு. வண்டியோ அதற்கு முந்தைய மாடல் ஆண்டைச் சேர்ந்தது. அந்த ஆண்டின் கீழ் இரண்டு அறிவிப்புகள் இருந்தன.

ஆகவே வாய்ச்சொல்லை விட்டு எண்ணுக்குப் போக வேண்டும். பேச்சில் சேசிஸ் நம்பர் என்று சொல்லப்படும் வாகன அடையாள எண் 17 குறிகள் கொண்டது. அதில் I, O, Q ஆகிய மூன்று எழுத்துகள் வருவதே இல்லை; அவை 1, 0 ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதே காரணம். உங்களுக்கு அனுப்பப்பட்ட எண்ணில் அந்த மூன்றில் ஒன்று இருந்தால், படித்தவர் தவறாகப் படித்திருக்கிறார் என்று உடனே சொல்லிவிடலாம். விளக்கங்களில் அடிக்கடி எடுத்தாளப்படும் மாதிரி எண் ஒன்றைப் பாருங்கள்:

```
1M8GDM9AXKP042788
```

இதில் 9வது இடத்தில் உள்ள X, மற்ற குறிகளைக் கொண்டு கணக்கிட்டு வரும் சரிபார்ப்புக் குறி. வட அமெரிக்கச் சந்தைக்கான வண்டிகளில் ஏதேனும் ஒரு குறியை மாற்றி எழுதினால் இந்தக் கணக்கு பெரும்பாலும் இடிக்கும். தேடுதளம் எண் செல்லாது என்று சொல்லும். 10வது இடத்தில் உள்ள K மாடல் ஆண்டைக் குறிக்கிறது. இந்த எழுத்துகள் 30 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுழன்று வருவதால் K என்பது 1989 ஆகவும் இருக்கலாம், 2019 ஆகவும் இருக்கலாம். வண்டியைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். A என்பது 2010, H என்பது 2017, I தவிர்க்கப்படுவதால் J என்பது 2018. 10வது இடத்தில் மாடல் ஆண்டை வைப்பது வட அமெரிக்காவில் சட்டப்படி கட்டாயம். மற்றச் சந்தைகளில் அந்தக் கட்டாயம் இல்லாததால், அங்கே அந்த ஒரு எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

எண்ணை விற்பவர் அனுப்பும் படத்திலிருந்து எடுத்துக்கொள்வதோடு நின்றுவிடாமல், வண்டியிலேயே படியுங்கள். பல வண்டிகளில், ஓட்டுநர் பக்க முன்கண்ணாடியின் அடிமூலையில், டேஷ்போர்டின் மேல் சிறிய தகடாக அது இருக்கும். வெளியே நின்று குனிந்து பார்த்தாலே தெரியும். கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டிய லேபிளில் மீண்டும் ஒருமுறை இருக்கலாம். பதிவு ஆவணத்தில் நிச்சயம் இருக்கும். இவை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். கதவுச் சட்ட லேபிளில் தயாரிப்பு மாதமும் ஆண்டும் அச்சிடப்பட்டிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அந்த மாதம் பெரிதும் உதவும். லேபிளில் உள்ள எண் மட்டும் வேறாக இருந்தால், கதவோ பக்கவாட்டுப் பகுதியோ வேறொரு வண்டியிலிருந்து வந்திருக்கக்கூடும். அது விபத்தின் தடயம். ரீகாலுக்கும் தொடர்புடைய தடயம். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இரண்டாம் படி: எண்ணைக் கொண்டு தேடுதல்

பல நாடுகளில் அரசு அமைப்போ தயாரிப்பாளர்களோ எண்ணைக் கொண்டு தேடும் வசதியைத் தருகிறார்கள். அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் nhtsa.gov/recalls பக்கம் 2014 முதல் 17 குறிகளையும் உள்ளிட்டுத் தேட இடமளிக்கிறது. பிரிட்டனில் பதிவு எண்ணைக் கொண்டு ஆண்டுச் சோதனை வரலாற்றைப் பார்க்கும் அரசுப் பக்கமே நிலுவை ரீகாலையும் காட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் vehiclerecalls.gov.au என்ற தளம் அறிவிப்புகளைத் தொகுத்து வைத்திருக்கிறது. உங்கள் நாட்டில் இப்படிப் பொதுத்தளம் எதுவும் இல்லையென்றாலும், தயாரிப்பாளரின் இணையதளத்தில் உரிமையாளர்களுக்கான பகுதியில் எண்ணை உள்ளிடும் கட்டம் இருக்கக்கூடும். அதுவும் இல்லையென்றால் அதிகாரபூர்வ சர்வீஸ் மையத்தைத் தொலைபேசியில் அழைக்கலாம்.

தேடியதும் பூஜ்யம் என்று வந்தால் அதற்கு மிகக் குறுகிய பொருளே உண்டு. அமெரிக்கத் தளத்தை எடுத்துக்கொண்டால், அது சரிசெய்யப்படாத ரீகால்களை மட்டுமே காட்டும், முடிந்துபோனவற்றைக் காட்டாது. பொதுவாக 15 ஆண்டுகளுக்கு மேல் பழைய ரீகால்களைக் காட்டாது. அண்மையில் அறிவிக்கப்பட்டு, எந்தெந்த எண்கள் அதில் அடங்கும் என்று தயாரிப்பாளர் இன்னும் பிரித்து முடிக்காத ரீகால்களும் அதில் வராமல் போகலாம். வேறு நாட்டுச் சந்தைக்காகத் தயாரான வண்டிகள் அதில் இடம்பெறுவதில்லை. எனவே பூஜ்யம் என்பது ‘இந்த எண்ணுக்கு, இன்றைய தேதியில், இந்தப் பட்டியலில், செய்யப்படாத வேலை எதுவும் பதிவாகவில்லை’ என்பதற்குமேல் எதையும் சொல்வதில்லை. வண்டியில் குறை இல்லை என்று அது சொல்லவே இல்லை.

சர்வீஸ் மையத்தை அழைக்கும்போது “இந்த வண்டிக்கு ரீகால் ஏதாவது இருக்கிறதா?” என்று பொதுவாகக் கேட்டால் “இல்லை” என்ற ஒற்றைச் சொல்லே கிடைக்கும். எண்ணைச் சொல்லி, இதுவரை இந்த வண்டிக்குப் பொருந்திய ரீகால்கள் எவை, அவற்றில் எவை எந்தத் தேதியில் செய்து முடிக்கப்பட்டன, ரீகால் அல்லாத சர்வீஸ் முகாம்களோ நீட்டிக்கப்பட்ட உத்தரவாதமோ இதற்கு உண்டா என்று பிரித்துக் கேளுங்கள். மூன்றாவது கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. பாதுகாப்புக் குறை என்று ஒப்புக்கொள்ளாமல், ‘வாடிக்கையாளர் திருப்திக்காக’ என்ற பெயரில் தயாரிப்பாளர் செய்துதரும் வேலைகள் அரசுப் பட்டியலில் ரீகாலாக வருவதில்லை. மையத்தின் கணினியில்தான் இருக்கும்.

மூன்றாம் படி: மாடல் ஆண்டைக் கொண்டு தேடுதல்

அடுத்து, எண்ணை ஒதுக்கிவிட்டு மாடலையும் ஆண்டையும் மட்டும் கொண்டு தேட வேண்டும். முடிந்தவையும் முடியாதவையுமாக அந்த ஆண்டு மாடலுக்கு வந்த அறிவிப்புகள் அனைத்தும் அப்போதுதான் வரிசையாகத் தெரியும். அமெரிக்கத் தளத்தின் தரவைப் பதிவு எதுவும் இல்லாமல் உலாவியில் நேரடியாகவே கேட்டுப் பெறலாம். கீழே உள்ள முதல் முகவரி ரீகால்களைத் தரும்; இரண்டாவது, உரிமையாளர்கள் கொடுத்த புகார்களைத் தரும்.

```
https://api.nhtsa.gov/recalls/recallsByVehicle?make=chevrolet&model=cobalt&modelYear=2007
https://api.nhtsa.gov/complaints/complaintsByVehicle?make=chevrolet&model=cobalt&modelYear=2007
```

நிறுவனம், மாடல், ஆண்டு ஆகிய மூன்றையும் உங்களுக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். வேறு நாட்டில் இருப்பவர்க்கும் இது பயன்படும்; ஒரே பாகம் பல நாட்டு வண்டிகளில் பொருத்தப்படுவதால், ஓரிடத்தில் வெளிப்பட்ட குறையைப் பற்றி உங்கள் ஊர் மையத்தில் குறிப்பாகக் கேட்க முடியும். ஆனால் அங்கே ரீகால் இருக்கிறது என்பதாலேயே இங்கேயும் இருக்க வேண்டும் என்பதில்லை. வேறு தொழிற்சாலை, வேறு எஞ்சின், வேறு உதிரிபாக நிறுவனம் என்று மாறுபாடுகள் இருக்கலாம்.

ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஓர் எண் இருக்கும். அமெரிக்கப் பதிவுகளில் 14V047000 போன்ற எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் ஆண்டு. V என்பது வாகனத்தைக் குறிக்கிறது. அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன்கீழ் உள்ள ஆவணங்களில் தயாரிப்பாளரின் குறை அறிக்கையைத் திறந்து படியுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை தயாரானவை பாதிக்கப்பட்டன, குறை எப்படி உண்டாகிறது, முன்னறிகுறி உண்டா, சரிசெய்யும் முறை எது என்ற நான்கையும் அதில் காணலாம். கதவுச் சட்டத்தில் நீங்கள் குறித்த மாதம் இப்போது கைகொடுக்கும்: உங்கள் வண்டி அந்தத் தேதிகளுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

உள்ளே இருந்தும் எண் தேடலில் பூஜ்யம் வந்தால், ஒன்று வேலை முடிந்திருக்க வேண்டும், அல்லது அந்தத் தேதிகளுக்குள் தயாரானவற்றிலும் குறிப்பிட்ட சில வண்டிகளை மட்டுமே தயாரிப்பாளர் சேர்த்திருக்க வேண்டும். எது என்பதை சர்வீஸ் மையப் பதிவோ, விற்பவரிடம் உள்ள வேலைச் சீட்டோ காட்ட வேண்டும்.

ஒரு நிகழ்வு: இக்னிஷன் சுவிட்ச்

மேலே உள்ள முகவரியில் ஷெவர்லே கோபால்ட்டின் பெயர் காரணத்தோடுதான் வைக்கப்பட்டது. 2014 பிப்ரவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், இக்னிஷன் சுவிட்சில் உள்ள குறைக்காக 2005 முதல் 2007 வரையிலான கோபால்ட்டையும் 2007 பான்டியாக் ஜி5-ஐயும் ரீகால் செய்தது. மேலே மாதிரியாகச் சொன்ன 14V047 என்ற எண் இதனுடையதுதான். அதே மாதத்தில் ஒரே சுவிட்சைக் கொண்ட வேறு சில மாடல்களும் சேர்க்கப்பட்டன.

சாவியை ஓடும் நிலையில் பிடித்து நிறுத்தும் சுவிட்சின் உள்ளிருக்கும் சிறிய ஸ்பிரிங்-பிளஞ்சர் அமைப்பு போதிய இறுக்கம் தரவில்லை என்பதுதான் குறை. கனமான சாவிக்கொத்து தொங்கினாலோ, சாலைக் குலுக்கலாலோ, முழங்கால் பட்டாலோ சாவி தானாகவே, எஞ்சின் ஓடாமல் ரேடியோ போன்றவை மட்டும் இயங்கும் துணைமின் நிலைக்குத் திரும்பிவிடும். எஞ்சின் நிற்கும், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் மின் அல்லது எஞ்சின் உதவியை இழந்து கனத்துப்போகும், எல்லாவற்றையும்விட மோசமாக, மோதலின்போது ஏர்பேக் விரியாது. நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி 124 மரணங்களை இதனோடு தொடர்புடையவையாக ஏற்றுக்கொண்டது.

இந்த நிகழ்வை வாங்குபவர் பார்வையில் படித்தால் மூன்று செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, ரீகாலுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2005 டிசம்பரில், சாவி தவறுதலாகத் திரும்பி மின்சாரம் போகலாம் என்று நிறுவனம் தன் டீலர்களுக்கு ஒரு தொழில்நுட்ப சர்வீஸ் குறிப்பு அனுப்பியிருந்தது. சாவிக்கொத்திலிருந்து கனமானவற்றை எடுத்துவிடச் சொல்ல வேண்டும் என்றும், சாவியின் தலையில் உள்ள நீளத் துளையை வட்டத் துளையாக்கும் சிறு அடைப்பைப் பொருத்தலாம் என்றும் அது கூறியது. 2007-ல் அரசு அமைப்பு விசாரணை தொடங்கலாமா என்று பரிசீலித்து, தொடங்காமல் விட்டது. ஆக 2010-ல் இந்த வண்டியை வாங்கச் சென்ற ஒருவர் ரீகால் பட்டியலை மட்டும் பார்த்திருந்தால் சுவிட்ச் பற்றி எதுவும் கண்டிருக்க மாட்டார். ஓடும்போது எஞ்சின் நின்றுபோகிறது என்ற புகார்களையும் அந்தக் குறிப்பையும் சேர்த்துப் படித்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

இரண்டாவது செய்தி இன்னும் நுட்பமானது. 2006-ல் சுவிட்சின் வடிவமைப்பு திருத்தப்பட்டு, புதியது இறுக்கமாக வந்தது. ஆனால் பாக எண்ணை மாற்றவில்லை. பழையதும் புதியதும் ஒரே எண்ணோடு ஒரே அலமாரியில் இருந்தன. ஒரு மாடல் ஆண்டுக்குப் பிறகு புகார்கள் குறைந்தது ஏன் என்று தேடியவர்களுக்குப் பாகம் மாறியதே தெரியாமல் போனது இதனால்தான். ‘பாக எண் ஒன்றுதான், ஆகவே பாகமும் ஒன்றுதான்’ என்று மெக்கானிக் சொன்னால் அது எப்போதும் சரியாக இருக்காது.

மூன்றாவது, 2014 மார்ச் இறுதியில் ரீகால் 2008 முதல் 2011 வரையிலான மாடல்களுக்கும் நீட்டிக்கப்பட்டது. அந்த ஆண்டு வண்டிகள் தொழிற்சாலையிலிருந்து நல்ல சுவிட்சோடுதான் வந்தன. ஆனால் பழுதுபார்க்கும்போது, அலமாரியில் எஞ்சியிருந்த பழைய சுவிட்ச் அவற்றில் ஏறியிருக்கலாம். எதில் ஏறியது என்பதைப் பாக எண்ணால் பிரிக்க முடியாது. எனவே எல்லா வண்டிகளையும் அழைக்க வேண்டியதாயிற்று. மொத்த எண்ணிக்கை 26 லட்சமாக உயர்ந்தது. ‘குறை 2007-ஓடு முடிந்தது, ஆகவே 2008 வாங்கலாம்’ என்ற கணக்கு பிப்ரவரியில் சரியாகத் தெரிந்து மார்ச்சில் தவறாகிப்போனது. நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு என்று கோடு கிழிக்கும்போது, அந்தக் கோடு தொழிற்சாலைக்கு மட்டுமே பொருந்தும், பழுதுபார்த்த கைக்குப் பொருந்தாது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். கதவு லேபிளின் எண் வேறாக இருந்தால் கவனியுங்கள் என்று மேலே சொன்னதும் இதனால்தான்: எண் தேடல், அந்த எண்ணோடு பிறந்த பாகங்களைப் பற்றி மட்டுமே அறியும்.

நான்காம் படி: ரீகால் ஆகாத குறைகள்

தொழில்நுட்ப சர்வீஸ் குறிப்பு என்பது, குறிப்பிட்ட அறிகுறியோடு வண்டி வந்தால் எப்படிச் சரிசெய்ய வேண்டும் என்று தயாரிப்பாளர் தன் மெக்கானிக்குகளுக்கு எழுதுவது. அது இலவச வேலைக்கான வாக்குறுதி அன்று. உத்தரவாதக் காலம் முடிந்திருந்தால் செலவு உங்களுடையதே. ஆனால் வாங்குபவருக்கு அதைவிட நேர்மையான ஆவணம் கிடைப்பது அரிது என்பது என் கருத்து. அமெரிக்கத் தளத்தில் மாடல் ஆண்டைத் தேடினால், ‘தயாரிப்பாளர் தகவல் தொடர்புகள்’ என்ற பொருளில் உள்ள பகுதியில் இவை கிடைக்கும். ஒரு குறிப்பில் மாடல் ஆண்டுகளின் பட்டியலும், சில சமயம் ‘இந்தத் தேதிக்கு முன் தயாரானவை’ என்ற வரம்பும் இருக்கும். அந்தத் தேதியில்தான் தொழிற்சாலை பாகத்தையோ முறையையோ மாற்றியது என்று பெரும்பாலும் பொருள் கொள்ளலாம். ஒரே அறிகுறிக்கு மூன்று ஆண்டுகளில் மூன்று திருத்திய குறிப்புகள் வந்திருந்தால், முதல் இரண்டு தீர்வுகளும் போதவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

புகார்களைப் படிப்பது வேறு கலை. அவை யாரும் சரிபார்க்காத, உரிமையாளர் எழுதிய வாக்கியங்கள்; எண்ணிக்கையைக் கொண்டு ஒரு மாடலை மற்றொன்றோடு ஒப்பிடுவது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். அதிகம் விற்ற வண்டிக்கு அதிகப் புகார் வருவது இயல்பு. ஒரு ரீகால் செய்தியில் அடிபட்டதும் அந்த வாரமே புகார்கள் குவிவதும் இயல்பு. எண்ணிக்கையை விட்டுவிட்டு விவரிப்பைப் பாருங்கள். ஒருவரையொருவர் அறியாத பலர், ஒரே பாகத்தின் பெயரே தெரியாமல், ஒரே காட்சியை விவரிக்கிறார்களா? ‘சிறு மேட்டில் ஏறி இறங்கியபோது எஞ்சின் நின்றது, பலகையில் எல்லா விளக்கும் எரிந்தது, சாவியைத் திருப்பியதும் மீண்டும் ஓடியது’ என்று பத்துப் பேர் எழுதியிருந்தால், ‘மோசமான வண்டி’ என்று நூறு பேர் எழுதியதைவிட அது கனமானது. புகாரில் குறிப்பிட்ட ஓட்டத் தூரத்தையும் கவனியுங்கள். ஒரே குறை குறிப்பிட்ட தூரத்தை ஒட்டியே பலருக்கும் வருகிறது என்றால், உங்களுக்கு விற்கப்படும் வண்டி அந்தத் தூரத்தை இன்னும் எட்டவில்லையா, கடந்துவிட்டதா என்பதே அடுத்த கேள்வி. கடந்துவிட்டது என்றால் பாகம் மாற்றிய சீட்டைக் கேட்க வேண்டும்.

உங்கள் மாடல் ஆண்டை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஒரே தலைமுறையின் முந்தைய ஆண்டையும் பிந்தைய ஆண்டையும் அதே முறையில் தேடுங்கள். ஒரு குறை மூன்று ஆண்டுகளிலும் புகார்களில் இருந்து, ரீகால் மட்டும் முதல் ஆண்டுக்கே வந்திருந்தால், அந்த எல்லை நாளை நகரக்கூடும். கோபால்ட் கதையில் நகர்ந்தது போலவே.

ஐந்தாம் படி: ‘முடிந்தது’ என்ற சொல்லைச் சோதித்தல்

முடிந்ததாகப் பதிவான ரீகால் உண்மையில் முடியாமல் இருக்கலாம் என்பதற்கு, தகாத்தா என்ற நிறுவனம் தயாரித்த ஏர்பேக் சரியான எடுத்துக்காட்டு. அந்த ஏர்பேக்கை ஊதவைக்கும் இன்ஃப்ளேட்டரில் அம்மோனியம் நைட்ரேட் பயன்படுத்தப்பட்டது. ஈரப்பதமும் வெப்பமும் ஆண்டுக்கணக்கில் சேரச் சேர அது கெட்டு, மோதலின்போது அளவுக்கு மீறி வேகமாக எரிந்து, உலோக உறையையே துண்டுகளாகச் சிதறவைத்தது. தொடக்கத்தில் மாற்றப்பட்ட வண்டிகள் சிலவற்றில், ஈரத்தை உறிஞ்சும் பொருள் இல்லாத அதே வகை இன்ஃப்ளேட்டரே புதிதாகப் பொருத்தப்பட்டது. புதியது என்பதால் சில ஆண்டுகளுக்கு அபாயம் குறைவு என்பது அந்த ஏற்பாட்டின் தர்க்கம். அந்த வண்டிகளை மீண்டும் ஒருமுறை அழைத்து இறுதித் தீர்வைப் பொருத்த வேண்டியிருந்தது. எனவே விற்பவர் ஏர்பேக் ரீகால் முடிந்த சீட்டைக் காட்டினால், தேதியைப் பாருங்கள். அது இடைக்கால மாற்றமா, இறுதி மாற்றமா என்று மையத்தில் கேளுங்கள்.

இதே ரீகால் 2014-ல் ஃப்ளோரிடா, ஹவாய் போன்ற ஈரப்பதம் மிகுந்த பகுதிகளில் பதிவான வண்டிகளுக்கு மட்டும் என்று தொடங்கி, பின்னரே விரிந்தது. பகுதியை வைத்து வரையறுக்கப்பட்ட ரீகாலில், வண்டி இப்போது எங்கே நிற்கிறது என்பதைவிட எங்கெல்லாம் ஓடியது என்பது முக்கியமானது. கடலோரத்தில் ஐந்தாண்டு ஓடி, வறண்ட ஊருக்கு வந்த வண்டிக்கு அதன் பழைய வாழ்க்கை உடம்பிலேயே இருக்கும்.

விபத்தில் ஏர்பேக் வெடித்து, பிறகு மாற்றப்பட்ட வண்டியாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. உடைந்த வண்டிகளிலிருந்து கழற்றிய பழைய ஏர்பேக் பொருத்தப்பட்டிருந்தால், உங்கள் சேசிஸ் எண்ணில் தேடும்போது அது தெரியவே தெரியாது. ஸ்டீயரிங்கின் நடுமூடி மற்ற பிளாஸ்டிக்கோடு நிறம் ஒத்துப்போகிறதா, சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில விநாடிகளில் அணைகிறதா என்று பார்க்கலாம். எரியவே எரியாத விளக்கு, அணையாத விளக்கைவிடச் சந்தேகத்துக்குரியது. ஏர்பேக்கை நீங்களாகக் கழற்றிப் பார்க்க முயல வேண்டாம். அது மையத்தில் செய்ய வேண்டிய வேலை.

ஆறாம் படி: கண்டதை வைத்து முடிவெடுத்தல்

நிலுவையில் ஒரு ரீகால் இருப்பதே வண்டியை ஒதுக்கக் காரணம் ஆகாது. தீர்வு தயாராக இருந்து, பாகமும் கையிருப்பில் இருந்தால், விற்பவரே வேலையை முடித்துச் சீட்டோடு வரச் சொல்லுங்கள். அவருக்கு அதில் செலவு இல்லை, நேரம் மட்டுமே. செலவில்லாத வேலையை ஏன் செய்யவில்லை என்று கேட்பதில் தவறில்லை. “தபால் வந்தது, ஆனால் நேரம் கிடைக்கவில்லை” என்பது நம்பக்கூடிய விடை. மையம் வண்டியை ஏற்க மறுத்தது என்றால், ஏன் என்று அந்த மையத்தையே கேட்க வேண்டும்.

தீர்வு இன்னும் கிடைக்கவில்லை என்று பட்டியல் சொன்னால் நிலைமை வேறு. பாகம் வர மாதங்கள் ஆகலாம். அதுவரை நீங்கள் எப்படி ஓட்ட வேண்டும் என்று அறிவிப்பில் இடைக்கால அறிவுரை இருக்கும். சாவிக்கொத்தில் சாவியைத் தவிர எதையும் மாட்டாதீர்கள் என்பது போல எளிதாக இருந்தால் சமாளிக்கலாம். கட்டடத்துக்கு வெளியே நிறுத்துங்கள் என்று இருந்தால், தீப்பிடிக்கும் அபாயம் என்று பொருள். உங்களுக்குத் திறந்த இடம் இல்லையென்றால் அந்த வண்டி உங்களுக்கானதன்று. ஓட்டவே வேண்டாம் என்று இருந்தால், சரிசெய்யும்வரை பணம் கொடுக்காதீர்கள். சோதனை ஓட்டமும் வேண்டாம்.

நிலுவை ரீகாலோடு பயன்படுத்திய வண்டியை விற்பதைச் சட்டம் தடுக்கும் என்று நம்பி இருந்துவிடவும் வேண்டாம். அமெரிக்காவில் புதிய வண்டியை அப்படி விற்க டீலருக்கு அனுமதி இல்லை. 2016 முதல் பெரிய வாடகை நிறுவனங்களும் அப்படிப்பட்ட வண்டியை வாடகைக்கு விட முடியாது. பயன்படுத்திய வண்டி விற்பனைக்கு அத்தகைய பொதுத்தடை கூட்டாட்சிச் சட்டத்தில் இல்லை. ‘பரிசோதித்துச் சான்றளித்த வண்டி’ என்ற விளம்பர வாசகத்தைப் பார்த்தாலும் எண்ணை நீங்களே ஒருமுறை உள்ளிட்டுப் பாருங்கள்.

இலவசப் பழுதுக்கும் காலவரம்பு இருக்கலாம். அமெரிக்காவில், ரீகால் அறிவிக்கும்போது வண்டி முதல் உரிமையாளருக்கு விற்கப்பட்டு 15 ஆண்டுகள் கடந்திருந்தால், இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்ற சட்டக் கடமை தயாரிப்பாளருக்கு இல்லை. மிகப் பழைய வண்டியை வாங்குபவர் இதை மையத்தில் கேட்டு, விலையில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

எண் தேடலைப் பணம் கொடுக்கும் நாளன்று காலையில் மீண்டும் ஒருமுறை செய்து, தேதி தெரியும்படி திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியபின் உரிமை மாற்றத்தோடு நின்றுவிடாமல், தயாரிப்பாளரிடமும் உங்கள் பெயரையும் முகவரியையும் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் அடுத்த ரீகால் கடிதம் வண்டியை விற்றுவிட்டுப் போனவரின் வீட்டுக்குப் போய்ச் சேரும். இரண்டு மாதம் கழித்து மறுபடியும் எண்ணை உள்ளிடுங்கள். நீங்கள் வாங்கிய வாரத்தில் அறிவிக்கப்பட்டு, எண்கள் பிரிக்கப்படாமல் இருந்த ரீகால் ஏதேனும் இருந்தால், அதற்குள் அது பட்டியலில் ஏறியிருக்க வாய்ப்புண்டு.